எண்ணெய் போட்டும் பிரியாத புள்ளிகள்: 100 எக்ஸ் வில்லையில் அறிகுறி பார்த்துப் பிழை பிடித்தல்

கொழும்பில் ஒரு கற்பித்தல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "அண்ணா, இதின்ர 100 எக்ஸ் பழுதாப் போச்சு" என்று மாணவர்கள் கொண்டுவரும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் அந்த நூறு மடங்கு பெருப்பிக்கும் வில்லைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வில்லைக்குள் போய்ச் சேரவேண்டிய ஒளி வழியில் எங்கோ தொலைந்திருக்கும். எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஐபீஸைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பார்வையைச் சுற்றித்தான்.

பாடப்புத்தகம் பார்வைத்துண்டு, ஒடுக்கி, வழுக்கி என்று சொல்லும். ஆய்வுகூடத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதால் ஐபீஸ், கொண்டென்சர், ஸ்லைட் என்றே எழுதுகிறேன்.

முதலில், வில்லையில் பொறித்திருக்கும் இரண்டாவது எண்

எண்ணெய் வில்லையின் பக்கத்தில் 100/1.25 என்று இருக்கும். எல்லோர் கண்ணும் 100 இல்தான் நிற்கும். ஆனால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்று சொல்வது 1.25. அதுதான் என்.ஏ., அதாவது எண்சார் துவாரம்.

```
NA = n × sin θ
```

மாதிரியிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒளி கூம்பாக விரிந்து மேலே வருகிறது. அந்தக் கூம்பில் எவ்வளவு சரிந்த கதிர் வரைக்கும் வில்லை பிடித்துக்கொள்கிறது என்பதை θ சொல்கிறது; கூம்பின் நடு அச்சிலிருந்து ஓரக் கதிர் வரையான கோணம் அது. n என்பது வில்லைக்கும் மாதிரிக்கும் இடையில் இருக்கும் பொருளின் முறிவுச்சுட்டி. காற்றுக்கு அது 1. சைன் ஒருபோதும் 1 ஐத் தாண்டாது. ஆகவே காற்றில் வேலை செய்யும் வில்லை எதுவும் 1 ஐ எட்டாது, நடைமுறையில் 0.95 தான் உச்சம். 1.25 வேண்டுமென்றால் இடையிலிருக்கும் காற்றைத் துரத்திவிட்டு, ஏறத்தாழ 1.515 முறிவுச்சுட்டியுள்ள எண்ணெயை வைக்கவேண்டும். கண்ணாடியின் முறிவுச்சுட்டியும் கிட்டத்தட்ட அதுவேதான். அதனால் மாதிரியின் மேல் மூடும் மெல்லிய கவர் கிளாஸ், எண்ணெய், வில்லையின் முன்கண்ணாடி என்று மூன்றும் ஒளிக்கு ஒரே கட்டியாகத் தெரியும். கதிர் வளையாமல் நேரே போய்விடும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அவதிக் கோணம் நினைவிருக்கும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேற முயலும் கதிர் 41 பாகையை விடச் சற்று அதிகமாகச் சரிந்தாலே முழு அகத்தெறிப்பு அடைந்து திரும்பிவிடும். 1.25 வில்லை பிடிக்கவேண்டிய ஓரக் கதிரோ எண்ணெய்க்குள் ஏறத்தாழ 55 பாகை சரிந்து வருவது. எண்ணெய் இல்லாவிட்டால் அந்தக் கதிர் கவர் கிளாஸை விட்டு வெளியே வரவே வராது. நுணுக்கமான விவரத்தைச் சுமந்து வருவதும் இந்த ஓரக் கதிர்கள்தான். 1873 இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே இதை விளக்கி எழுதினார். ஜேனா நகரில் அவருக்கு எழுப்பிய நினைவுக்கல்லில் அதற்கான சமன்பாட்டையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பார்க்க அவற்றின் நடுவங்களுக்கு இடையில் இருக்கவேண்டிய மிகச் சிறிய இடைவெளிக்கு, ஆய்வுகூடத்தில் உதவும் வடிவம் இது:

```
d = 1.22 × λ / (NA1 + NA2)
```

λ ஒளியின் அலைநீளம். NA1 பொருள்வில்லையுடையது, NA2 மேடைக்குக் கீழிருந்து மாதிரிக்கு ஒளியைக் குவித்து அனுப்பும் கொண்டென்சருடையது. பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். மேலே 1.25 வில்லை இருந்தும் கீழிருந்து மெல்லிய கூம்பாக ஒளி ஏறினால், முழு 1.25 இன் பலன் கிடைக்காது. அதேநேரம் கொண்டென்சரைப் பொருள்வில்லையின் எண்ணுக்கு மேல் திறப்பதாலும் லாபமில்லை. பச்சை ஒளிக்கு 550 நனோமீற்றர் என்று எடுத்து, இரண்டும் 1.25 என்று போட்டால் விடை 268 நனோமீற்றர், அதாவது மைக்கிரோமீற்றரில் கால்வாசியை விடக் கொஞ்சம் அதிகம்.

எட்டிப் பார்க்கும் முறை

வழக்கம்போல மாதிரியைக் குவியப்படுத்துங்கள். பிறகு ஒரு ஐபீஸை மேலே இழுத்துக் கழற்றுங்கள். களவு போகாமலிருக்கச் சில கருவிகளில் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி போட்டிருப்பார்கள். அதை முதலில் தளர்த்தவேண்டும். கண்ணைக் குழாய்க்கு மேலே கொஞ்சம் தள்ளி வைத்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு வட்டம் தெரியும். அது பொருள்வில்லையின் பின்பக்கம். கொண்டென்சரில் ஒளி புகும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸை மூடிக்கொண்டு வந்தால், அந்த வட்டத்துக்குள் ஒளித்தட்டு ஒன்று சுருங்கிச் சுருங்கி வருவது தெரியும்.

வட்டத்தின் முழு விட்டம் 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்தட்டின் விட்டம் அதில் பாதியென்றால் கொண்டென்சர் தருவது ஏறத்தாழ 0.6; முக்கால் என்றால் 0.9 க்குச் சற்று மேல். விட்டத்துக்கும் என்.ஏ.க்கும் நேர்விகிதம் என்பதால் கணக்கு இவ்வளவு சுலபம். பரப்பளவைப் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பாதி விட்டமுள்ள தட்டு, பரப்பில் கால்வாசிதான்.

இனி அறிகுறிகள்.

அறிகுறி: படம் முழுவதும் பால் கலந்தது போல மங்கல், எங்கே திருகினாலும் தெளியவில்லை

முதலில் எட்டிப் பார்க்கவேண்டாம். குனிந்து, மேடையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். வில்லையின் முனைக்கும் ஸ்லைட்டுக்கும் இடையில் எண்ணெய் ஒரு சிறு தூணாக நிற்கவேண்டும். துளியை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஸ்லைட்டை ஓரம்வரை நகர்த்திய மாணவர்களிடம் அந்தத் தூண் அறுந்துபோயிருக்கும். எண்ணெய் போட்டேன் என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது இப்போது இருப்பது வேறிடத்தில்.

தூண் சரியாக நின்றால் ஐபீஸைக் கழற்றுங்கள். ஒளித்தட்டுக்குள் கறுப்பு விளிம்போடு ஒரு சிறு வட்டம் மிதந்தால் அது காற்றுக்குமிழி. ஸ்லைட்டை அசைக்கும்போது அதுவும் அசைந்தால் சந்தேகமே வேண்டாம். வில்லையை அரைத் திருப்பு பக்கமாகத் திருப்பித் திரும்பக் கொண்டுவந்தால் குமிழி பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிட்டால் துடைத்துவிட்டுப் புதுத்துளி வைப்பதே வேகமான வழி. போத்தலைக் குலுக்குகிறவர்களுக்குத்தான் இந்தக் குமிழி அதிகம் வரும். குலுக்காதீர்கள்.

தட்டுக்குள் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் ஓடினால் அது பூஞ்சணம். கடற்கரைப் பக்க ஈரப்பதத்தில், உறைபோட்டு மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்த வில்லைகளுக்கு நேர்வது அது. உள்கண்ணாடியில் வளர்ந்துவிட்டால் நீங்கள் திறக்கவேண்டாம். அந்த வில்லையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

தூணும் இருக்கிறது, தட்டும் துப்புரவாக இருக்கிறது, படம் மட்டும் பால் என்றால் சந்தேகப்படவேண்டியது அந்த எண்ணெயையேதான்.

2022 இல் இறக்குமதி தடுமாறிய மாதங்களில் ஒருநாள் எங்கள் எண்ணெய்ப் போத்தல் வழக்கத்தை விட நிறைந்திருந்தது. நானும் அதைக் கவனித்தேன், ஆனால் சந்தோஷப்பட்டதோடு விட்டுவிட்டேன். இரண்டு வாரமாக எல்லாக் கருவியிலும் ஒரே மங்கல். பிறகுதான் ஒரு பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "முடியப் போகுது எண்டு கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டனான் அண்ணா" என்றான். வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த எண்ணெய். மணத்தை வைத்து நானே பிடித்திருக்கவேண்டும்.

தேங்காய் எண்ணெயின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.45. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1.45 என்பது 1.25 ஐ விடப் பெரியது. ஆகவே ஓரக் கதிர் எதுவும் முழு அகத்தெறிப்பு அடைந்து தொலையவில்லை. எல்லாக் கதிரும் வில்லைக்குள் வந்து சேர்கிறது. அதனால்தான் எட்டிப் பார்த்தபோது தட்டு துப்புரவாக நிறைந்திருந்தது, நானும் ஏமாந்தேன். கெட்டுப்போவது வேறு. கவர் கிளாஸிலிருந்து எண்ணெய்க்குள் நுழையும்போது சரிந்த கதிர் வளைகிறது, நடுக்கதிர் வளைவதில்லை. ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஓரக் கதிர் கால் அலைநீளம் பிந்தினாலே படத்தின் கூர்மை குறையத் தொடங்கும். இங்கே எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் என்றாலும், பிழை அந்தக் கால் அலைநீளத்தைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. குவியத்தின் ஒருபுறம் திருகினால் புள்ளியைச் சுற்றி வளையங்களும் மறுபுறம் திருகினால் வெறும் புகையும் தெரிந்தால், அது இந்தப் பிழையின் கையொப்பம்.

பாமசியில் கிடைக்கும் திரவப் பரஃபீன் 1.47 இலிருந்து 1.48 வரை இருக்கும். தேங்காய் எண்ணெயை விட மேல், ஆனாலும் சரியானது அல்ல. அவசரத்துக்கு ஒரு ஸ்லைட்டைப் பார்க்கலாம். அதில் எதையும் அளந்து எழுதக்கூடாது.

எண்ணெயைச் சோதிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. உடைந்த ஸ்லைட் துண்டு ஒன்றை, சந்தேகமான எண்ணெய் உள்ள சிறு குப்பிக்குள் பாதியளவு இறக்குங்கள். சரியான எண்ணெயில் கண்ணாடியின் விளிம்பு கிட்டத்தட்ட மறைந்துபோகும். தேங்காய் எண்ணெயில் விளிம்பு பளிச்சென்று நிற்கும். சோதனைக் குழாயோ பீக்கரோ உடைந்த துண்டை இதற்குப் பாவிக்கவேண்டாம். வெப்பத்தைத் தாங்கும் அந்தக் கண்ணாடியின் முறிவுச்சுட்டி 1.47 அளவு. அது சமையல் எண்ணெயில் அழகாக மறைந்து, தவறான எண்ணெய்க்குச் சரி என்று சான்றிதழ் கொடுத்துவிடும்.

வெப்பநிலையைப் பற்றியும் கேட்பார்கள். எண்ணெய்ப் போத்தலில் 23 பாகை செல்சியசுக்கான சுட்டி போட்டிருக்கும். குளிரூட்டி இல்லாத எங்கள் அறையோ 30. சூடு ஏற ஏறச் சுட்டி கொஞ்சம் இறங்கும். ஆனால் ஏழு பாகைக்கு இறங்குவது மூன்றாம் தசம தானத்தில்தான். 1.25 வில்லைக்கு அதைப் பொருட்படுத்தவேண்டாம். 1.4 வில்லை வைத்திருப்பவர்கள் கவலைப்படட்டும்.

அறிகுறி: படம் கறுப்பு வெள்ளையாய்க் கூர்மையாக இருக்கிறது, ஆனால் இரண்டு புள்ளி ஒன்றாகத் தெரிகிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிழை, ஏனென்றால் இது பிழை போலவே தெரியாது. மங்கல் வந்தால் மாணவர்கள் என்னிடம் வருவார்கள். இது வந்தால் "நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, பார்த்ததைத் தவறாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஆனாலும் வெளிநாடு போய்வருபவர்களோடு அது வந்துகொண்டிருப்பதால், பழைய குருதிப் பூச்சுகளை வைத்து இன்றும் படிப்பிக்கிறார்கள். பல்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் வளையம் போன்ற இளம் நிலையில் குரோமற்றின் புள்ளி சிலவேளை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருக்கும். அதைப் பார்க்கப் பழகுவதுதான் அன்றைய பாடம்.

ஒரு மாணவி வந்தாள். "மிஸ் ரெண்டு புள்ளி இருக்கு எண்டு சொன்னவ. எனக்கு ஒண்டுதான் தெரியுது, கொஞ்சம் நீளமா. ஆனா படம் நல்ல கிளியரா இருக்கு அண்ணா."

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சிவப்பணுக்களின் விளிம்பு மை போட்டு வரைந்தது போல இருந்தது. விளிம்புக்கு வெளியே இன்னொரு மெல்லிய கோடு வேறு, கூடவே ஓடியது. அந்த இரட்டைக் கோட்டைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஐபீஸைக் கழற்றிப் பார்த்தால், பெரிய இருட்டு வட்டத்தின் நடுவில் ஒரு சின்ன ஒளித்தட்டு. விட்டத்தில் கால்வாசிகூடத் தேறாது. ஐரிஸ் ஏறத்தாழ மூடிக் கிடந்தது, கொண்டென்சரும் ஒரு சென்ரிமீற்றர் கீழே இறங்கியிருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று யாரோ முன்பு செய்துவிட்டுப் போன வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்வாசி விட்டம் என்றால் NA2 ஏறத்தாழ 0.3. 1.22 ஐ 550 ஆல் பெருக்கினால் 671. அதை 1.25 உம் 0.3 உம் சேர்ந்த 1.55 ஆல் வகுத்தால் 433 நனோமீற்றர். ஐபீஸ் அளவுகோலில் அந்த வில்லைக்கு ஒரு பிரிவு ஒரு மைக்கிரோமீற்றர் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தோம். அந்த நீளமான புள்ளியில் இருந்திருக்கக்கூடிய இரு நடுவங்களுக்கும் இடையில் அரைப் பிரிவுக்கும் குறைவு, ஏறத்தாழ 0.4 என்று மதித்தேன். அதாவது 400 நனோமீற்றர். எல்லை 433. ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

கொண்டென்சரை மேலே ஏற்றினேன். விளக்கின் மேலே இன்னொரு ஐரிஸ் உள்ள கருவி அது என்பதால், அதை மூடி, அதன் விளிம்பு மாதிரியோடு சேர்ந்து கூர்மையாகத் தெரியும் உயரத்தில் கொண்டென்சரை நிறுத்தினேன். அப்படி ஐரிஸ் இல்லாத எளிய கருவிகளில் உச்சம்வரை ஏற்றி ஒரு மயிரிழை இறக்கினால் போதும். பிறகு ஐபீஸ் இல்லாமலே குழாய்க்குள் பார்த்துக்கொண்டு கொண்டென்சரின் ஐரிஸைத் திறந்தேன். தட்டு விரிந்தது, முக்கால் விட்டத்துக்குச் சற்றுக் குறைவாக வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஐரிஸ் திறந்தாலும் தட்டு வளரவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த நிலையில் NA2 ஏறத்தாழ 0.9. 671 ஐ 2.15 ஆல் வகுத்தால் 312.

ஐபீஸைத் திரும்பப் போட்டு அவளைப் பார்க்கச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். "வெளிறிப் போச்சே." எல்லாம் வெளிச்சத்தில் கழுவினது போல, மை விளிம்புகள் போய்விட்டிருந்தன. கை தானாக ஐரிஸுக்குப் போயிற்று. அதைத் தொடாமல் விளக்கின் ஒளியைக் குறைக்கச் சொன்னேன். குறைத்துவிட்டு, நுண்திருகியைக் கொஞ்சம் அசைத்தாள். பத்து விநாடி சத்தமில்லை. பிறகு, "ஓம், ரெண்டு" என்றாள்.

ஐரிஸ் வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி அல்ல. அதை மூடும்போது வெளிச்சமும் குறைவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். சாயமேற்றிய பூச்சுக்கு நான் தட்டை வட்டத்தின் முக்கால் அளவில் வைக்கிறேன். சாயமில்லாத உயிருள்ள மாதிரியைப் பார்க்கும்போது பாதிவரை மூடவேண்டிவரும், அப்போது எதை இழக்கிறோம் என்று தெரிந்தே மூடவேண்டும்.

இனி, தட்டு ஏன் முக்காலில் நின்றது? கொண்டென்சரிலும் 1.25 என்றுதான் பொறித்திருக்கிறது. ஆனால் அதன் மேற்கண்ணாடிக்கும் ஸ்லைட்டின் அடிப்பக்கத்துக்கும் இடையில் காற்று இருக்கிறது. வில்லைக்குச் சொன்ன அதே சட்டம் கீழேயும் செல்லும்: காற்று இருக்கும்வரை 1 ஐத் தாண்ட முடியாது. அங்கேயும் ஒரு துளி எண்ணெய் வைத்து, கொண்டென்சரை ஸ்லைட்டின் அடியில் முட்டும்வரை ஏற்றினால் தட்டு முழு வட்டத்தையும் நிரப்பும். எல்லை 312 இலிருந்து 268 க்கு இறங்கும்.

செய்யவேண்டுமா? என் கருத்து: அன்றாடப் பூச்சுகளுக்கு வேண்டாம். 44 நனோமீற்றர் லாபத்துக்காக மேடையின் அடியெல்லாம் எண்ணெய் வடிந்து, அடுத்த வகுப்பில் 10 எக்ஸ் பார்ப்பவருக்கும் படம் கெட்டுப்போகும். இரண்டு புள்ளியா ஒன்றா என்று உண்மையிலேயே வழக்கு வந்தால் மட்டும் செய்யுங்கள், முடிந்ததும் உடனே துடையுங்கள். ஒருமுறையாவது செய்துபார்க்கத்தான் வேண்டும். தட்டு வட்டத்தின் விளிம்புவரை விரிவதைக் கண்ணால் கண்டபிறகு சமன்பாட்டை யாரும் மறப்பதில்லை.

அறிகுறி: 100 எக்ஸ் தெளிவு, 40 எக்ஸ் மங்கல்

இரண்டு காரணம்தான். முதலாவது, 40 எக்ஸ் வில்லை எண்ணெயில் மிதித்திருக்கும். 100 இலிருந்து 40 க்குத் திருப்பும்போது துளி அங்கேயே இருப்பதால் முனை அதில் தோய்ந்துவிடும். நேற்றுத் தெளிவாக இருந்தது, இன்று எந்த ஸ்லைட்டிலும் மங்கல் என்றால் இதுதான். வில்லையைக் கழற்றி, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக வைத்து முனையைப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் வானவில் போல மின்னும். வில்லைத் தாளில் வில்லை துடைக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். சைலீனில் ஊறவைத்த பஞ்சை நான் அனுமதிப்பதில்லை. வில்லைகளை ஒட்டியிருக்கும் பசையை அது இளக்கக்கூடும்.

இரண்டாவது காரணத்தில் யார் மேலும் தப்பில்லை. 40/0.65 வில்லையில் கீழே 0.17 என்றொரு எண் இருக்கும். 0.17 மில்லிமீற்றர் கவர் கிளாஸ் இருக்கிறது என்று நம்பியே அந்த வில்லையைச் செய்திருக்கிறார்கள். குருதிப் பூச்சில் கவர் கிளாஸ் கிடையாது. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் கதிர்கள் வளையும் வளைவைச் சரிக்கட்ட வில்லைக்குள் வைத்த திருத்தம் இப்போது வீணாகி, அதுவே பிழையாகிறது. எண்ணெய் வில்லைக்கு இந்தத் தொல்லை இல்லை; கவர் கிளாஸ் இல்லாத இடத்தை எண்ணெய் நிரப்பிவிடுகிறது, ஒளிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே அதே பூச்சு 100 இல் தெளிவு, 40 இல் மங்கல்.

தீர்வு எளிது. பூச்சின் மேல் எண்ணெய் ஒரு துளி, அதன் மேல் ஒரு கவர் கிளாஸ். மேலே காற்றோடு 40 எக்ஸைக் கொண்டுவாருங்கள். அந்த ஒரு துளியால் வரும் மாற்றத்தைப் பார்த்துவிட்டு, புது வில்லை வாங்கக் கடிதம் எழுதியிருந்த ஒருவர் அதைக் கிழித்துப்போட்டதைக் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: 100 எக்ஸில் குவியமே வரவில்லை, வில்லை கண்ணாடியில் முட்டுகிறது

ஸ்லைட் தலைகீழாக இருக்கிறது. எண்ணெய் வில்லையின் முனைக்கும் மாதிரிக்கும் இடையில் இருக்கக்கூடிய தூரம் மில்லிமீற்றரில் சிறு பகுதிதான், ஸ்லைட்டின் தடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். 10 எக்ஸில் இது தெரியவே தெரியாது, 40 இல் மங்கலாகும், 100 இல் முட்டும். புரட்டிப் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கவர் கிளாஸ்களும் இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: படம் பெரிதாகிறது, புதிதாக ஒன்றும் தெரியவில்லை

10 எக்ஸ் ஐபீஸைக் கழற்றி 15 எக்ஸ் போட்டிருப்பார்கள், அல்லது கைபேசியில் எடுத்த படத்தை விரலால் விரித்துக்கொண்டிருப்பார்கள். பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம் என்.ஏ. போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. 1.25 க்கு 1250. 100 ஐ 15 ஆல் பெருக்கினால் 1500, எல்லையைத் தாண்டியாயிற்று. 268 நனோமீற்றரை ஆயிரம் மடங்கு பெருப்பித்தால் கால் மில்லிமீற்றர் வரும். அதைச் சாதாரணக் கண் பிரித்துவிடும். அதற்கு மேல் பெருப்பிப்பது மங்கிய ஓரத்தை இன்னும் அகலமாக்குவதுதான்.

அறிகுறி: எல்லாம் சரி, தட்டும் நிறைந்திருக்கிறது, இன்னும் ஒன்றாகவே தெரிகிறது

சமன்பாட்டில் மாற்றாமல் விட்டது λ ஒன்றுதான். விளக்கின் மேல் நீல வடிகட்டி வைத்து 450 நனோமீற்றர் அளவிலுள்ள ஒளியை மட்டும் விட்டால், காற்றுக் கொண்டென்சரோடு 312 என்றிருந்த எல்லை 255 ஆகும். கொண்டென்சருக்கும் எண்ணெய் போட்டால் 220. பகல்வெளிச்சம் போலாக்குவதற்குக் கருவியோடு வரும் வெளிறிய நீலக் கண்ணாடி இதற்குப் போதாது. அது மற்ற நிறங்களையும் விட்டுவிடும், ஆழ்ந்த நீலம் வேண்டும். சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றிய பூச்சில் நீல ஒளி சில விவரங்களை அமுக்கிவிடும் என்பதால், வடிகட்டியோடும் இல்லாமலும் இரண்டு முறை பாருங்கள்.

220 லும் பிரியாத புள்ளியை அந்த 1.25 வில்லை பிரித்துக் காட்டாது. 1.4 வில்லையும் எண்ணெய் போட்ட 1.4 கொண்டென்சரும் அதே நீல ஒளியில் 196 வரை போகும். அப்படியொரு வில்லை எங்கள் அலுமாரியில் இல்லை. ஆகவே குறிப்பேட்டில் "ஒன்று" என்று எழுதாமல், "0.22 மைக்கிரோமீற்றருக்குக் கீழ், பிரிக்கப்படவில்லை" என்று எழுதச் சொல்கிறேன்.